தோளுக்குக் கீழே நிற்கட்டும், நெற்றியில் வெட்ட வேண்டாம்

வணக்கம் தங்கச்சி,

நீங்கள் அனுப்பிய மூன்று செல்பியையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். "எனக்கு வட்ட முகம், நெற்றி பெரிசு. முன்னுக்கு பேங்ஸ் வெட்டி, மிச்சத்தை ஸ்ட்ரெயிட் பண்ணினால் எடுப்பாக இருக்குமா அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேங்ஸ் வேண்டாம், ஸ்ட்ரெயிட்டனிங்கும் வேண்டாம். தோளிலிருந்து நான்கு விரல் கீழே நிற்கிற நீளம், நீளமான லேயர், முன்பக்கம் தாடைக்குக் கீழே தொடங்கும் இரண்டு சரிவு. உங்களுக்கு இதுதான் பொருந்தும். ஏன் என்பதையும் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் சனிக்கிழமை வரும்போது பேசுவோம்.

முதலில் முகம். மூன்று படமும் கையை உயர்த்திப் பிடித்து மேலிருந்து எடுத்தவை. அப்படி எடுத்தால் போனுக்குக் கிட்ட இருக்கிற நெற்றி பெரிதாகவும் தூர இருக்கிற நாடி சின்னதாகவும் விழும். ஒரு அடி தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்து அடியில் எடுத்ததை விட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதனால் செல்பியை வைத்து நெற்றியைக் குறை சொல்ல வேண்டாம். நான் பார்த்தது வேறு. இரண்டாவது படத்தில் தலையைச் சற்றுச் சரித்திருக்கிறீர்கள், அதில் காதுக்குக் கீழே தாடை எலும்பு நன்றாகத் தெரிகிறது. கன்னம் சதைப்பிடிப்பு, ஆனால் தாடை நேராக இறங்குகிறது. வட்ட முகத்தில் அந்த மூலை தெரியாது. உங்களுடையது சதுரத்துக்கு நெருங்கிய முகம், கன்னம் அதை மென்மையாகக் காட்டுகிறது. நல்ல முகம், மறைக்க வேண்டிய எதுவும் அதில் இல்லை.

இதை உறுதிப்படுத்த இன்னொரு படம் வேண்டும். முடியை முழுவதும் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டு, ஜன்னலுக்கு முன்னால் நில்லுங்கள். தம்பியையோ அம்மாவையோ ஐந்தாறு அடி தள்ளி நின்று, உங்கள் கண் உயரத்தில் போனைப் பிடித்து, பின் கேமராவால் எடுக்கச் சொல்லுங்கள். சிரிக்க வேண்டாம், சிரித்தால் கன்னம் ஏறிவிடும். வகிடு எந்தப் பக்கம் என்றும் எழுதி அனுப்புங்கள். சில போன் செல்பியை இடம் வலம் மாற்றிச் சேமிக்கும், அதை நம்பி நான் வகிட்டை முடிவு செய்ய மாட்டேன்.

சரி, இப்போது முடி. மூன்றாவது படத்தில் வலப்பக்க நெற்றி ஓரத்தில் ஒரு கொத்து முடி மேல்நோக்கி எழும்பி நிற்கிறதே, அது சுழி. அந்த இடத்தில் பேங்ஸ் வெட்டினால் ஒரு பாதி கீழே படுக்கும், மறுபாதி பிரிந்து எழும்பும். போதாததற்கு உங்கள் முடி அலை முடி. ஈரத்தில் புருவம் வரை நீட்டி வெட்டியது காய்ந்ததும் சுருங்கி ஏறிவிடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வியர்வையில் நெற்றியோடு ஒட்டும், மார்கழி மழையில் ஈரப்பதத்துக்குப் பொங்கும். தினமும் காலையில் அதை டிரையரால் படுக்கவைக்க வேண்டி வரும். ஆறரை மணிக்குச் சேலை கட்டி, உவர்மலையிலிருந்து நிலாவெளிப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் கிளம்புகிறவருக்கு அதற்கு நேரம் எங்கே? அப்படியே படுக்கவைத்தாலும் ஹெல்மெட்டைக் கழற்றும்போது எல்லாம் குலைந்திருக்கும்.

ஸ்ட்ரெயிட்டனிங் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். நான் செய்வேன், அதில் எனக்கு வருமானமும் உண்டு. ஆனாலும் உங்களுக்குச் செய்யச் சொல்ல மாட்டேன். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். நான்கு மாதத்தில் வேரில் நான்கு சென்டிமீட்டர் அலையும், கீழே கம்பி போல நேரான முடியும் நிற்கும். திரும்பத் திரும்பச் செய்யாமல் அதைச் சமாளிக்க முடியாது. உங்கள் நுனி ஏற்கெனவே வெயிலில் செம்பட்டை அடித்து, இரண்டாகப் பிளந்திருக்கிறது. அந்த நுனி இன்னொரு மருந்தைத் தாங்காது. கெரட்டின் என்ற பெயரில் போடுகிற சிலவற்றில் ஃபார்மலின் புகையும் வரும், கண்ணும் தொண்டையும் எரியும்.

நான் சொல்லும் வெட்டில் இந்தத் தொல்லை இல்லை. நீளம் தோளைத் தாண்டுவதால் கனம் அலையைக் கீழே இழுத்துப் பிடிக்கும், பொங்காது. லேயரைக் காது மட்டத்தில் தொடங்க மாட்டேன். அங்கே தொடங்கினால் கன்னத்துப் பக்கம் அகலம் கூடும். தாடைக்கு இரண்டு விரல் கீழே முதல் சரிவு விழ வேண்டும், அப்போது பார்வை தாடை மூலையில் நிற்காமல் கழுத்துப் பக்கம் இறங்கும். வகிட்டை நடுவிலிருந்து ஒரு விரல் பக்கம் தள்ளி எடுப்போம். சுழி எழும்புகிற பக்கமாக எடுத்தால் அந்தத் தூக்கலே நெற்றிக்கு அழகாக நிற்கும். கத்தரியைப் பெரும்பாலும் முடி காய்ந்த பிறகுதான் வைப்பேன், அலை எங்கே வளைகிறது என்று பார்த்து வெட்ட வேண்டும்.

அம்மா கவலைப்படுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவரிடம் சொல்லுங்கள், இந்த நீளத்தில் தாழ்வாகக் கொண்டை போடலாம், கோயிலுக்குப் போகும்போது பின்னிப் பூவும் வைக்கலாம். பள்ளிக்கூட நாளில் பிடரியில் தளர்வாகக் கட்டினால் ஹெல்மெட்டும் பொருந்தும். இறுக்கி உயர்த்திக் கட்டுகிற பழக்கத்தை மட்டும் விடுங்கள். இரண்டு நெற்றிப் பொட்டிலும் முடி மெல்லிதாகத் தெரிகிறது, இழுவையால் இருக்கலாம். இழுவையைக் குறைத்து மூன்று நான்கு மாதம் பார்ப்போம், அதற்குப் பிறகும் முடி குறைந்தால் தோல் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. கிணற்றுத் தண்ணீரில் ஷாம்பு நுரைக்கவில்லை என்று சொன்னீர்களே, அது கடினத் தண்ணீர். அதிலுள்ள கல்சியம் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். கடைசி இரண்டு வாளியாவது குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். தலை முழுகுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் நுனிக்குத் தேங்காய் எண்ணெய், முழுகிய பின் நுனிக்கு மட்டும் கண்டிஷனர். சீப்பை ஈர முடியில், அகலப் பல் சீப்பாகப் பார்த்து, கீழிருந்து மேலாகப் போடுங்கள். காய்ந்த பிறகு சீவினால் அலை உடைந்து பஞ்சாகிவிடும். கடல் குளித்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனி வெட்ட வந்தால் போதும்.

சனிக்கிழமை வரும்போது முதல் நாளே தலை முழுகி, எண்ணெய் வைக்காமல், சீவாமல், தானாகக் காயவிட்டு வாருங்கள். அதற்கு முன் அந்தப் படத்தை அனுப்பிவிடுங்கள். அதில் தாடை நான் நினைத்ததை விட ஒடுங்கியிருந்தால் முன்சரிவை இன்னும் ஒரு விரல் மேலே ஏற்றுவேன், மற்றதெல்லாம் இப்படியேதான்.

அன்புடன்,
அக்கா