ஆண்கள் பொது மருத்துவ வார்டு: இரவுப் பணியிலிருந்து காலைப் பணிக்கு ஒப்படைப்பு, காலை 7.30

அனைவருக்கும் காலை வணக்கம். வாருங்கள் சிஸ்டர், மாணவிகளும் அருகில் வந்து நில்லுங்கள். எல்லோரும் வந்த பிறகுதான் ஓவர் கொடுக்கப் போகிறேன். பாதியில் வருபவருக்காக மறுபடி சொல்லும்போதுதான் ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகிறது. இரவு முழுவதும் நானும் இன்னொரு செவிலியரும் பணியில் இருந்தோம். எனக்குச் சிறிது சோர்வு இருக்கிறது. ஆகவே நினைவிலிருந்து சொல்லாமல் குறிப்பேட்டைப் பார்த்தே சொல்கிறேன்.

முப்பது படுக்கைகளில் இப்போது 26 பேர் இருக்கிறார்கள். இரவில் மூவர் புதிதாகச் சேர்ந்தார்கள், இறப்பு இல்லை. உடனடியாகக் கவனிக்க வேண்டியவர்கள் 4, 11, 17 ஆகிய படுக்கைகளில் இருப்பவர்கள். மற்றவர்களைச் சுற்றி வரும்போது சொல்கிறேன்.

படுக்கை 4. முப்பத்தெட்டு வயது விவசாயி, எடை 60 கிலோ. நேற்று மாலை ஐந்தரை மணிக்கு நெல் வயலில் கண்ணாடி விரியன் இடது பாதத்தில் கடித்து, 7.40க்கு வந்து சேர்ந்தார். இருபது நிமிட இரத்த உறைவுப் பரிசோதனையில் இரத்தம் உறையாததால், 8 மணிக்குப் பாம்பு விஷமுறி மருந்து பத்து குப்பி தொடங்கப்பட்டது. பத்தாவது நிமிடத்தில் உடல் முழுவதும் தடித்து அரிப்பு வந்ததால் மருந்தை நிறுத்தி, மருத்துவர் சொன்னபடி அட்ரினலின் 0.5 மில்லிகிராம் போட்டோம். அடங்கியபின் மெதுவாக மீண்டும் தொடங்கி முடித்தோம். அதிகாலை 2 மணிக்கு மறுபடி பார்த்தபோதும் இரத்தம் உறையவில்லை, 2.30க்கு இரண்டாவது பத்து குப்பி தொடங்கி 3.30க்கு முடிந்தது, அப்போது எதிர்வினை எதுவும் இல்லை. அடுத்த பரிசோதனை சரியாக 8.30க்கு. உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயை அவருடைய மேசையிலேயே வைத்திருக்கிறேன். இரத்தத்தை ஊற்றிய பின் இருபது நிமிடம் யாரும் அதை அசைக்கக் கூடாது.

இவரைப் பற்றி எனக்கு உண்மையான கவலை சிறுநீரில்தான் இருக்கிறது. நான்கு மணி வரை மணிக்கு நாற்பது மில்லிக்குக் குறையாமல் போனவருக்கு, கடைசி இரண்டு மணி நேரத்தில் மொத்தமே 30 மில்லிதான் வந்தது, நிறமும் கறுத்திருந்தது. 6.15க்கு மருத்துவரிடம் தெரிவித்து, கிரியாட்டினின், பொட்டாசியத்துக்கு மாதிரி அனுப்பியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். எட்டு மணிக்குள் முடிவு வராவிட்டால் ஆய்வகத்துக்கு நீங்களே ஃபோன் செய்ய வேண்டும். காலில் வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு நேரம் எழுதியிருக்கிறேன். அது முழங்காலுக்குக் கீழேதான் நிற்கிறது. அட்ரினலின் தவிர வேறு எந்த ஊசியும் தசையில் போடக் கூடாது.

படுக்கை 11. ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை நோயாளி, இன்சுலினை ஒரு வாரமாக நிறுத்தியதால் கீட்டோன் அமிலத்தன்மையுடன் வந்தவர். சர்க்கரை 412லிருந்து ஐந்து மணிக்கு 228 ஆகிவிட்டதால், டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சலைனுக்கு மாற்றினோம். சிறுநீரில் கீட்டோன் இன்னும் இரண்டு பிளஸ் இருக்கிறது. ஆகவே சர்க்கரை இறங்கியதைப் பார்த்து யாரும் இன்சுலின் சொட்டை நிறுத்திவிட வேண்டாம். பொட்டாசியம் 3.4; சலைனில் சேர்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த மாதிரி 9 மணிக்கு. இவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டு, கையில் சிவப்புப் பட்டை கட்டியிருக்கிறேன்.

படுக்கை 17. இருபத்து நான்கு வயது, டெங்கு, ஐந்தாம் நாள். நேற்று மாலையே காய்ச்சல் விட்டுவிட்டதால் வீட்டுக்குப் போகலாமா என்று அவருடைய அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். காய்ச்சல் விடும் இந்த நேரத்தில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும் என்று அவரிடம் பொறுமையாகச் சொன்னேன், நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள். ஹீமட்டோகிரிட் 42லிருந்து 47க்கு ஏறியிருக்கிறது, தட்டணு 62,000. வயிற்று வலியோ வாந்தியோ இல்லை. மணிக்கொருமுறை நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.

படுக்கை 8, 9 இருவருக்கும் ஒரே பெயர். மாத்திரை கொடுக்கும் முன் தந்தை பெயரையும் கேளுங்கள். படுக்கை 22 பற்றிய ஒரு பரிசோதனை முடிவை அவருடைய குடும்பத்தார் அறிய அவர் விரும்பவில்லை. அதை இங்கேயே உங்களிடம் தனியாகச் சொல்வேன், படுக்கையருகே பேச மாட்டேன். மார்ஃபின் ஆம்பூல் ஆறு இருக்கின்றன. இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுவோம்.

இப்போது நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள் சிஸ்டர்.

“படுக்கை 4க்கு 8.30 உறைவுப் பரிசோதனை, சிறுநீர் அளவு, எட்டு மணிக்கு ஆய்வகத்துக்கு ஃபோன். 11க்கு இன்சுலின் நிற்கக் கூடாது, 9 மணிக்குப் பொட்டாசியம், பென்சிலின் கூடாது. 17க்கு இரண்டு மணிக்கொருமுறை இரத்த அழுத்தம்.”

17க்கு ஒரு மணிக்கொருமுறை, சிஸ்டர்.

“ஒரு மணிக்கொருமுறை. திருத்தி எழுதிக்கொண்டேன்.”

நன்றி. முதலில் நான்காம் படுக்கைக்குப் போவோம். அவருக்கும் ஒரு வணக்கம் சொல்லி, இனி உங்களைப் பார்த்துக்கொள்பவர் இவர்தான் என்று அறிமுகப்படுத்திவிட்டு, சிறுநீர்ப் பையை நாம் இருவரும் சேர்ந்தே பார்ப்போம்.