மரபணுவிலிருந்து அமினோ அமிலச் சங்கிலி வரை: பீட்டா குளோபின் வழியாக

இளநிலை உயிர்வேதியியல், மூன்றாம் பருவம். மூலக்கூறு உயிரியல் பாடக்குறிப்பு

படியெடுத்தல், மொழிபெயர்த்தல் என்று வரையறைகளை மனப்பாடம் செய்தவர்களிடம் நான்கு எழுத்தைக் கொடுத்து "இதை ஆர்.என்.ஏ.வாக மாற்று" என்றால் பேனா நின்றுவிடுகிறது. அதனால் இந்த முறை ஒரே ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டு, அதன் எழுத்துகளைக் கையில் பிடித்தபடி கடைசி வரை நடக்கப் போகிறோம். மரபணுவின் பெயர் HBB. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான செய்தி இதில்தான் இருக்கிறது. இடம்: 11-ஆவது குரோமோசோமின் குட்டைக் கை. நீளம் ஏறக்குறைய 1,600 எழுத்துகள். மூன்று எக்சான், நடுவில் இரண்டு இன்ட்ரான்.

படியெடுத்தல்

எலும்பு மஜ்ஜையில், சிவப்பணுவாக மாறிக்கொண்டிருக்கும் செல்லின் உட்கருவில் இது நடக்கிறது. மரபணுவுக்குச் சற்று முன்னால் ப்ரமோட்டர் பகுதி உள்ளது. முதலில் துணைப் புரதங்கள் அங்கே வந்து அமர்கின்றன. பிறகு ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் II வந்து சேர்ந்து, இரட்டை இழையைச் சிறிது தூரம் பிரித்து, ஒரு இழையை மட்டும் அச்சாக வைத்துப் படிக்கிறது. புரதத்துக்கான செய்தி தொடங்கும் இடம் இப்படி இருக்கும்:

```
குறியீட்டு இழை  5' ATG GTG CAT CTG ACT CCT GAG GAG 3'
அச்சு இழை      3' TAC CAC GTA GAC TGA GGA CTC CTC 5'
ஆர்.என்.ஏ.     5' AUG GUG CAU CUG ACU CCU GAG GAG 3'
```

மேல் வரியையும் கீழ் வரியையும் பாருங்கள். T இருந்த இடத்தில் U வந்திருக்கிறது. மற்றபடி இரண்டும் ஒன்றே. ஆனால் பாலிமரேஸ் படித்தது நடு வரியை. அச்சு இழையை 3' முனையிலிருந்து 5' நோக்கிப் படிக்கிறது, ஆர்.என்.ஏ.வை 5' முனையிலிருந்து 3' நோக்கிக் கட்டுகிறது. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான், எனவே முனைகளை எழுதாமல் வரிசையை எழுதவே எழுதாதீர்கள்.

நறுக்கி ஒட்டுதல்

இப்போது கையில் இருப்பது முன்னோடி ஆர்.என்.ஏ. அதன் 5' முனையில் மெத்தில் குவனோசின் தொப்பி ஏறுகிறது. மறுமுனையில் AAUAAA என்ற அடையாளத்தைத் தாண்டி இழை வெட்டப்பட்டு, A எழுத்துகளால் ஆன நீண்ட வால் ஒட்டப்படுகிறது. தொப்பியும் வாலும் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையாமல் காக்கும். ரைபோசோம் வந்து பிடிக்கவும் உதவும்.

இன்ட்ரான் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. பெரும்பாலான இன்ட்ரான்கள் GU என்று தொடங்கி AG என்று முடியும். அந்த இடங்களை ஸ்ப்ளைசோசோம் அடையாளம் கண்டு வெட்டி, எக்சான்களை ஒட்டுகிறது. நம் மரபணுவின் முதல் இன்ட்ரான் 130 எழுத்து நீளம். அது உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள்: AGG என்ற ஒரு கோடானின் நடுவில்! AG முதல் எக்சானின் கடைசியில், G இரண்டாம் எக்சானின் தொடக்கத்தில். வெட்டு ஒரே ஒரு எழுத்து தள்ளிப் போனாலும் அதன் பிறகு வரும் எல்லா மூன்றெழுத்துகளும் குலைந்துவிடும்.

இது கற்பனையான ஆபத்தில்லை. இதே இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தான G, C ஆக மாறியிருந்தால் வெட்டு பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணம் இந்த ஒரு மாற்றம்தான். புரதத்துக்கான எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, ஆனாலும் குழந்தைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரலாம். "இன்ட்ரான் என்பது வேண்டாத பகுதி" என்று எழுதும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான மொழிபெயர்ப்பாளர் யார்?

தயாரான தூது ஆர்.என்.ஏ. உட்கருத் துளை வழியாக வெளியே வந்துவிட்டது. ரைபோசோமுக்குப் போகும் முன் கடத்து ஆர்.என்.ஏ.வைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாடத்தின் உயிர் இதில் இருக்கிறது.

கடத்து ஆர்.என்.ஏ.வின் ஒரு முனையில் எதிர்கோடான், மறுமுனையில் அமினோ அமிலம். GAG கோடானுக்கு 3' CUC 5' என்ற எதிர்கோடான் பொருந்தும். அதன் மறுமுனையில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அதைச் சரியாக ஏற்றுவது யார்? அமினோஅசைல் சிந்தெட்டேஸ் என்ற நொதிகள், ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஒன்று. ஏ.டி.பி. செலவழித்து ஏற்றுகின்றன. ஐசோலூசினுக்கான நொதியில் வேலின் தவறி நுழைந்தால் (இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு CH2) அதைத் திரும்ப வெட்டி எறியத் தனி அறையே அந்த நொதியில் உண்டு.

இவ்வளவு கவனம் ஏன் தேவை என்பதை 1962-இல் ஒரு சோதனை காட்டியது. கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏற்கனவே ஏறியிருந்த சிஸ்டீனை நிக்கல் வினையூக்கியால் அலனினாக மாற்றினார்கள். சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் அலனின் சேர்ந்தது! கோடானும் எதிர்கோடானும் பொருந்துகின்றனவா என்று மட்டுமே ரைபோசோம் சோதிக்கிறது. முதுகில் ஏறியிருப்பது யார் என்று கேட்பதில்லை. எனவே எழுத்து மொழியையும் அமினோ அமில மொழியையும் இரண்டையும் அறிந்தது சிந்தெட்டேஸ் ஒன்றுதான்.

ரைபோசோமில்

சிறிய துணையலகு (40S), மெத்தியோனின் ஏற்றிய தொடக்கக் கடத்து ஆர்.என்.ஏ.வுடன் தொப்பி அருகே ஏறி, AUG கிடைக்கும் வரை நகர்ந்து தேடுகிறது. கிடைத்ததும் பெரிய துணையலகு (60S) வந்து மூடும். அந்த AUG-இலிருந்து மும்மூன்றாக எண்ணும் சட்டகம் உறுதியாகிறது.

அப்புறம் ஒரே சுற்றுதான் திரும்பத் திரும்ப. A இடத்தில் புதியவர் வந்து அமர்வார். P இடத்தில் உள்ள சங்கிலி அவர்மீது மாறி ஒட்டும். ரைபோசோம் ஒரு கோடான் நகரும். வெறும் கையுடன் நிற்பவர் E இடம் வழியாக வெளியேறுவார். பெப்டைடு பிணைப்பை உண்டாக்குவது புரதமல்ல, ரைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ. இந்த இயந்திரத்தின் அமைப்பை அணு அளவில் காட்டியதற்காக 2009-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர்.

நம் எட்டு கோடான்கள் இப்படி ஆகும்:

```
AUG  மெத்தியோனின்
GUG  வேலின்
CAU  ஹிஸ்டிடின்
CUG  லூசின்
ACU  திரியோனின்
CCU  புரோலின்
GAG  குளூட்டாமிக் அமிலம்
GAG  குளூட்டாமிக் அமிலம்
```

147 கோடான்கள் முடிந்ததும் UAA. அதற்குப் பொருந்தும் கடத்து ஆர்.என்.ஏ. கிடையாது. விடுவிப்புக் காரணி என்ற புரதம் அந்த இடத்தில் நுழைந்து சங்கிலியை அறுத்துவிடுகிறது. முதல் மெத்தியோனினும் நீக்கப்படுவதால் மிஞ்சுவது 146 அமினோ அமிலங்கள். இதனால்தான் அரிவாள் செல் நோயைப் பற்றிப் படிக்கும்போது 'ஆறாவது இடம்' என்று ஒரு புத்தகத்திலும் 'ஏழாவது' என்று இன்னொன்றிலும் வருகிறது. வேலினை ஒன்றாக எண்ணினால் ஆறு, மெத்தியோனினை ஒன்றாக எண்ணினால் ஏழு. இரண்டும் சரி. அங்கே GAG என்பது GUG ஆகி, குளூட்டாமிக் அமிலம் போய் வேலின் வருகிறது.

வீட்டில் செய்து வாருங்கள்

```
AUG GUG CAU CUG ACU CCU GAG GAG AAG UCU
GCC GUU ACU GCC CUG UGG GGC AAG GUG AAC
```

ஏழாவது கோடானில் உள்ள A-ஐ மட்டும் அடித்துவிட்டு, மும்மூன்றாக மறுபடி பிரித்து எழுதுங்கள். 19-ஆவது இடத்தில் என்ன வருகிறது? சங்கிலியில் எத்தனை அமினோ அமிலங்கள் இருக்கும்?