பொருள்: சிறுபோகத் தோட்டங்களுக்குச் சொட்டு நீர்ப்பாசனம் – தண்ணீர், கூலி மிச்சக் கணக்கும் விலை விபரமும்

பெறுநர்: கமக்காரர் அமைப்புகளின் தலைவர், செயலாளர், பொருளாளர் – மண்முனை தெற்கு எருவில் பற்று, போரதீவுப்பற்று, மண்முனை தென்மேற்கு, ஏறாவூர்ப்பற்று

வணக்கம்.

பெரும்போக வெட்டு முடிந்துவிட்டது. தோட்டக் காணிகளில் கொச்சிக்காய், கத்தரி, வெண்டி, பயிற்றை என்று வேலை தொடங்கும் நேரம் இது. இன்னும் கொஞ்ச நாளில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் துரவில் தண்ணீர் இறங்கும், தண்ணீர் ஊற்ற ஆளும் கிடைக்காது. அதற்கு முன்னே உங்கள் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்க வசதியாக இதை அனுப்புகிறேன். கூட்டத்தில் வாசித்துக் காட்டக்கூடிய மாதிரி எளிமையாக எழுதியிருக்கிறேன். அச்செடுத்து மற்றவர்களுக்கும் கொடுங்கள்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. கால் ஏக்கர் என்பது ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். நல்ல வெயில் நாளில் வளர்ந்த பயிருக்கு ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 5 லீற்றர் தண்ணீர் வேண்டும். அப்படியென்றால் கால் ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 5,000 லீற்றர். இவ்வளவுதான் பயிர் குடிப்பது. ஆனால் துரவிலிருந்து நாம் இறைப்பது இதைவிட அதிகம். வாய்க்கால் வழியே பாய்ச்சினால் இறைத்த தண்ணீரில் நூற்றுக்கு 60 பங்குதான் வேருக்குப் போகும் என்று பொதுவாகக் கணக்கெடுப்பார்கள். மிச்சம் வாய்க்காலிலேயே ஊறிப்போகும், வெயிலில் ஆவியாகும், வேருக்குக் கீழே இறங்கிவிடும். எனவே 5,000 லீற்றர் வேருக்குப் போக 8,400 லீற்றர் இறைக்க வேண்டும். சொட்டு நீரில் நூற்றுக்கு 90 பங்கு வேருக்குப் போகும். 5,600 லீற்றர் இறைத்தால் போதும்.

வித்தியாசம் ஒரு நாளைக்கு 2,800 லீற்றர். 90 நாள் பயிருக்கு இரண்டரை இலட்சம் லீற்றர் உங்கள் துரவிலேயே நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு குறைவாக இறைப்பதால் மின்சாரக் கட்டணமும் எண்ணெய்ச் செலவும் குறையும். களுதாவளை, தேத்தாத்தீவு பக்கத்து மணலில் வாய்க்கால் பாய்ச்சினால் இழப்பு இன்னும் கூடும். ஆனால் நான் கூட்டிச் சொல்ல விரும்பவில்லை, குறைந்த கணக்கையே தருகிறேன்.

இனி ஆள் கணக்கு. எங்கள் பக்கத்தில் கூடுதலானோர் ஹோஸ் பிடித்துத்தான் ஊற்றுகிறார்கள். நிமிடத்துக்கு 30 லீற்றர் வரும் ஹோஸில், ஒரு சொட்டும் வீணாகாமல் ஊற்றினாலும் கால் ஏக்கருக்கு ஒருவர் மூன்று மணித்தியாலம் நிற்க வேண்டும். 90 நாளுக்கு 270 மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்தை ஒரு நாள் என்று பிரித்தால் 34 ஆள் நாள். சொட்டு நீரில் வால்வைத் திறக்கவும் பில்டரைக் கழுவவும் தினமும் கால் மணித்தியாலம் போதும், மொத்தம் மூன்று ஆள் நாள். ஆகவே ஏறக்குறைய 30 ஆள் நாள் மிச்சம். உங்கள் ஊரில் இன்று நாட்கூலி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், அதால் பெருக்கிப் பாருங்கள். கூலி ஆள் பிடிக்காமல் நீங்களும் வீட்டுக்காரியும் நின்று ஊற்றுகிறீர்கள் என்றால் அந்த மணித்தியாலங்களுக்கும் பெறுமதி இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள்.

இதைவிடப் புல் பிடுங்கும் வேலையும் குறையும். தண்ணீர் செடியின் அடியில் மட்டும் விழுவதால் இரண்டு வரிசைக்கு நடுவில் மண் காய்ந்தே கிடக்கும். காய்ந்த மண்ணில் புல் முளைப்பது குறைவு. மருந்தடிக்கவும் காய் பறிக்கவும் சேறு மிதிக்காமல் நடக்கலாம். இலையில் தண்ணீர் படாததால் ஈரத்தால் வரும் இலை நோய்களும் குறையும்.

தூவல் முறையா, சொட்டு முறையா என்று பலர் கேட்கிறார்கள். கச்சான், வெங்காயம் போல நெருக்கி நடும் பயிருக்குத் தூவல் பொருத்தமானது. ஆனால் கச்சான் காற்று வீசும் பகல் நேரத்தில் தூவலைத் திறந்தால் தண்ணீரில் ஒரு பங்கு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும். வரிசையில் நடும் பயிருக்கு, அதாவது கொச்சிக்காய், கத்தரி, தக்காளி, பாகல், வத்தகை, பப்பாசி, வாழை எல்லாவற்றுக்கும் சொட்டு நீரே சரி. நெல்லுக்கு இது வேண்டாம். வயலுக்குப் போடலாமா என்று கேட்டு வருபவர்களுக்கு நான் விற்பதில்லை.

எல்லா மண்ணுக்கும் ஒரே மாதிரிப் பைப் போடக்கூடாது. இதை நன்றாகக் கவனியுங்கள். கரையோர மணலில் சொட்டு நேராகக் கீழே இறங்கும், பக்கவாட்டில் பரவாது. அங்கே 30 சென்ரிமீற்றருக்கு ஒரு துளி விடும் பைப் வேண்டும். கால் ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 45 நிமிடம் தேவைப்படும், அதையும் ஒரே தடவையில் விடாமல் காலையில் 25 நிமிடம், பின்னேரம் 20 நிமிடம் என்று பிரித்து விட வேண்டும். ஒரே தடவையில் விட்டால் தண்ணீரும் பசளையும் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். வெல்லாவெளி, பட்டிப்பளை பக்கம் களி கலந்த மண்ணில் தண்ணீர் அகலமாகப் பரவும். அங்கே இடைவெளியைக் கூட்டலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாளும் விடலாம். எனவேதான் மண்ணைப் பார்க்காமல் நான் விலை முடிவு சொல்வதில்லை.

துரவு சீக்கிரம் வற்றுகிறது என்பவர்கள் காணியை இரண்டாக, மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு வால்வாகத் திறக்கலாம். கால் ஏக்கர் முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 7,500 லீற்றர் போகும். அரைவாசி திறந்தால் அதில் பாதிதான். இடையில் துரவு ஊறிக்கொள்ளும். சிறிய மோட்டர் வைத்திருப்பவர்களும் இப்படிச் செய்யலாம், புது மோட்டர் வாங்கத் தேவையில்லை. இரண்டு அங்குலப் பெற்றோல் பம்பு வைத்திருப்பவர்களுக்கு வேகம் கூடிவிடும், பைப் மூட்டுகள் கழன்றுவிடும். அவர்களுக்கு மிச்சத் தண்ணீரைத் துரவுக்கே திருப்பும் ஒரு வால்வைச் சேர்த்துப் பூட்டித் தருவேன்.

பசளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூரியாவைக் கரைத்துப் பைப் வழியே விடலாம், நன்றாகக் கரையும் பொட்டாசையும் விடலாம். கொஞ்சம் கொஞ்சமாக வாராவாரம் கொடுத்தால் மணலில் கழுவிப் போவது குறையும். டிஎஸ்பியைப் பைப்பில் விட வேண்டாம், அது முழுதாகக் கரையாமல் துளையை அடைத்துவிடும். அதை முன்போலவே அடிப்பசளையாக மண்ணில் இடுங்கள். பசளை விட்ட பிறகு பத்து நிமிடம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும்.

பராமரிப்பைச் சரியாகச் செய்யாவிட்டால் போட்ட காசு வீண். சில துரவுகளில் தண்ணீர் தெளிவாக வந்து, வாளியில் ஒரு இரவு வைத்தால் செம்மண் நிறத்தில் அடியில் படியும். அது இரும்பு. அப்படிப்பட்ட தண்ணீரை முதலில் டாங்கில் ஏற்றிப் படியவிட்டுத்தான் பைப்பில் விட வேண்டும். பில்டரைத் தினமும் கழுவுங்கள். வாரம் ஒரு தடவை ஒவ்வொரு பைப்பின் முனையில் இருக்கும் 8 வடிவ வளையத்தைக் கழற்றி, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள்.

துளை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. பாணி மருந்துப் போத்தலோடு வரும் அளவுக் கோப்பையைத் துளிக்கு அடியில் வைத்து மூன்று நிமிடம் பிடியுங்கள். நிறைய நிறைய ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கூட்டிப் பாருங்கள். 100 மில்லிலீற்றர் வந்தால் துளை சரி. வரிசையின் தொடக்கத்திலும் கடைசியிலும் பாருங்கள். கடைசியில் 80 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் எங்கோ அடைப்பு அல்லது கசிவு இருக்கிறது.

வாவிக் கரையை அண்டிய காணிக்காரர்கள் கவனிக்க வேண்டியது உப்பு. தண்ணீர் கொஞ்சம் உவர்த்தால், சொட்டு விழும் ஈர வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு ஒதுங்கும். சிறு மழை பெய்தால் அந்த உப்பு வேருக்கு இறங்கிவிடும். மழை வந்ததே என்று வால்வை மூடாமல், அந்த நேரம் சொட்டு நீரையும் ஓடவிட வேண்டும். உப்பு அதிகமான தண்ணீருக்கு நான் பைப் தருவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்வேன்.

விலை: கால் ஏக்கருக்கு, 16 மில்லிமீற்றர் கனமான பைப், பில்டர், பிரதான பைப், வால்வு, பசளை விடும் கருவி, பூட்டும் கூலி எல்லாம் சேர்த்து 98,000 ரூபா. பைப்பைக் கவனமாக வைத்தால் ஐந்து வருடம் பாவிக்கலாம். மெல்லிய நாடாப் பைப்பில் 64,000 ரூபாவுக்கும் முடிக்கலாம், ஆனால் அது ஒன்று அல்லது இரண்டு போகம்தான் தாங்கும். எலி, அணில் கடியும் அதில் கூட. சொந்தக் காணிக்காரர் கனமானதையே எடுங்கள். ஒரு போகத்துக்குக் குத்தகை எடுத்தவருக்கு நாடா போதும். வீட்டுத் தோட்டத்துக்கு, உயரத்தில் வைத்த டாங்கிலிருந்து மோட்டர் இல்லாமலே ஓடும் சிறிய தொகுதி 14,500 ரூபா, டாங்க் உங்களுடையது.

ஒரே அமைப்பிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து எடுத்தால் நூற்றுக்கு 8 வீதம் கழிவு, ஏற்றுக்கூலி என் பொறுப்பு. நூற்றுக்கு 40 வீதம் முற்பணம், மிச்சம் பூட்டித் தண்ணீர் ஓடிய பிறகு. அமைப்பில் இரண்டு இளைஞர்களைத் தெரிவு செய்து தாருங்கள். துளை போடவும், உடைந்த பைப்பை மூட்டவும் அவர்களுக்குப் பழக்கித் தருவேன். துளை போடும் கருவியும் ஒரு பெட்டி மூட்டுகளும் அமைப்புக்கு இலவசம். சின்னக் கசிவுக்கெல்லாம் என்னைக் காத்துக்கொண்டிருந்தால் பயிர் வாடிவிடும்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் பைப்புகளைச் சுருட்டி நிழலில் வையுங்கள். வெள்ளம் வரும் காணியில் விட்டால் மண் ஏறிவிடும்.

வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்குக் களுதாவளையில், நான் பூட்டிக் கொடுத்த கொச்சிக்காய்த் தோட்டம் ஒன்றைப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். தோட்டக்காரர் முழுச் சம்மதம் தந்திருக்கிறார். அமைப்புக்கு ஐந்து பேர் வரலாம். என்னைக் கேட்பதைவிட அவரிடம் கேளுங்கள்: எவ்வளவு நேரம் மோட்டர் ஓடுகிறது, எத்தனை தடவை அடைத்தது, யார் திருத்தினார்கள் என்று. பிரதான வீதிப் பிள்ளையார் கோயில் சந்தியில் காத்திருப்பேன்.

வர முடிந்தவர்கள் வியாழக்கிழமைக்கு முன் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள். அதில் நாலு விடயம் எழுதுங்கள்: எத்தனை பேருக்கு, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு காணி, என்ன பயிர், துரவா குழாய்க்கிணறா. மோட்டரின் பலகையில் எழுதியிருப்பதை ஒரு படம் எடுத்து இணைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர் நிறம் மாறுகிறதா என்று பார்க்க ஒரு போத்தலில் பிடித்து இரவு வைத்துவிட்டு, மறுநாள் சனிக்கிழமை கையோடு கொண்டு வாருங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
சொட்டு நீர்ப்பாசன உபகரண விற்பனையாளர்
பிரதான வீதி, களுவாஞ்சிக்குடி