வெள்ளை குருமா வீடியோவை நீக்கியதற்கு மேல்முறையீடு

பெறுநர்: மேல்முறையீடுகளைப் பரிசீலிக்கும் குழுவினர்
அனுப்புநர்: மலர்விழி, ‘மலர் அடுக்களை’ சேனல், பெரம்பூர், சென்னை

ஐயா / அம்மா,

வணக்கம். ஜூன் 14 அன்று நான் பதிவேற்றிய ‘பரோட்டா கடை வெள்ளை குருமா’ என்ற வீடியோவை ஜூலை 3 அன்று நீக்கியிருக்கிறீர்கள். ‘சட்டவிரோதப் பொருட்களின் பயன்பாடு அல்லது விற்பனையை ஊக்குவித்தல்’ என்று காரணம் வந்திருக்கிறது. எந்த நிமிடம், எந்தச் சொல் என்று அதில் இல்லை. வீடியோ ஓடுவது ஒன்பது நிமிடம். அதில் இருப்பது நான், என் அடுப்பு, ஒரு மிக்ஸி, அவ்வளவுதான்.

என்ன நடந்திருக்கும் என்பது, தானாக உருவான வசன வரிகளை எடுத்துப் படித்தபோதுதான் புரிந்தது. 2:38-இல் நான் சொன்னது, “ரெண்டு டீஸ்பூன் கசகசா, வெந்நீர்ல ஊறட்டும்.” திரையில் வந்திருப்பது, “ரெண்டு டீஸ்பூன் கஞ்சா, வெந்நீர்ல ஊறட்டும்.” 3:55-இல், “கஞ்சா வாசனை பிடிக்காதவங்க முந்திரி கூட்டிக்கலாம்.” 6:20-இல்தான் உச்சம்: “கஞ்சா கொத்தவால் சாவடியில மொத்தமா வாங்கினா விலை குறையும்.” படித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. இதை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் உங்கள் மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒலியைக் கேட்டால் மூன்று இடத்திலும் ‘கசகசா’ என்பது தெளிவாகவே கேட்கிறது. கூடவே கிண்ணத்தைக் கேமரா அருகில் காட்டுகிறேன். வெள்ளையாக, ரவையைவிடப் பொடியாக இருக்கும் விதை அது. கஞ்சா இலையையும் அதையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

கசகசாவே தவறு என்று நினைத்திருந்தால் அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அது அபின் செடியின் விதை என்பது உண்மை. அபின் வருவது முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலில் இருந்து, விதையில் இருந்து அல்ல. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம், அறுவடைக்குப் பிந்தைய அபின் செடியின் பாகங்களை, அதாவது ‘பாப்பி வைக்கோல்’ என்பதை விளக்கும்போது விதையை விலக்கியே சொல்கிறது. 1961-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்திலும் அப்படியே. எங்கள் தெரு மளிகைக் கடையில் கசகசா, சோம்புக்கும் பட்டைக்கும் பக்கத்தில் பாக்கெட்டாகத் தொங்குகிறது.

சிங்கப்பூர், துபாய் போன்ற ஊர்களுக்கு இதை எடுத்துப்போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அங்குள்ளவர்கள் முந்திரியும் பொட்டுக்கடலையும் வைத்துச் செய்யுங்கள் என்று வீடியோவின் கீழே எழுதியே இருந்தேன். கழுவாத விதையை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஆபத்தான பழக்கம் வெளிநாடுகளில் உண்டு என்பதும் தெரியும். என் வீடியோவில் நடப்பது அதற்கு நேர் எதிர். கழுவி, பதினைந்து நிமிடம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைச் சிங்க்கில் கொட்டுகிறேன். பிறகு தேங்காய், பச்சை மிளகாய், சோம்போடு மைய அரைத்துக் கொதிக்கவிடுகிறேன். ஆறு பேருக்கான குருமாவில் இரண்டு டீஸ்பூன். குருமா கெட்டிப்படுவதற்குத்தான் அது.

என் பக்கத்துத் தவறையும் மறைக்கவில்லை. வசன வரிகளைச் சரிபார்க்காமலே வெளியிட்டுவிட்டேன். இன்னொன்று, கடைசியில் “சாப்பிட்டா மதியம் தூக்கம் சொக்கும்” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அதைச் சேர்த்துப் படித்திருந்தால் சந்தேகம் கூடியிருக்கும். ஆனால் அந்தத் தூக்கம் குருமாவால் வருவது இல்லை, நாலு பரோட்டாவால் வருவது. வேண்டுமென்றால் அந்த வரியை வெட்டிவிடுகிறேன்.

நான் கேட்பது இவைதான். தமிழ் தெரிந்த ஒருவர் ஒலியோடு வீடியோவை முழுதாகப் பார்க்க வேண்டும். வீடியோவைத் திரும்பக் கொடுத்து, சேனல் மேல் விழுந்த எச்சரிக்கையையும் எடுத்துவிட வேண்டும். ஏழு நாள் பதிவேற்றத் தடையை நான் இருந்தே கழித்துவிடுவேன், அதைவிட அந்த எச்சரிக்கைதான் உறுத்துகிறது; இன்னும் இரண்டு விழுந்தால் சேனலே போய்விடும் என்கிறது உங்கள் அறிவிப்பு. நாலு வருடமாகச் சேர்த்த 212 வீடியோக்கள் அதில் இருக்கின்றன. மறுபடியும் நிராகரிப்பதானால், எந்த நொடியில் எந்த விதி மீறப்பட்டது என்று எழுதி அனுப்புங்கள்.

கையால் திருத்திய வசன வரிக் கோப்பு, தானாக வந்த பழைய கோப்பு, கசகசா பாக்கெட்டின் இரு பக்கப் படங்கள் ஆகிய மூன்றையும் இணைத்திருக்கிறேன். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மலர்விழி
பெரம்பூர், சென்னை
ஜூலை 5

பி.கு.: தேடிப் பார்த்ததில், போன வருடம் போட்ட மட்டன் சால்னா வீடியோவிலும் ‘கஞ்சா’ என்றே வசனம் வந்திருக்கிறது. அதை இன்றே திருத்திவிட்டேன். நீங்கள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.