ஓர்டர் சேவைத் தடங்கல்: வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தல்

வியாழக்கிழமை, பிற்பகல் 1.15

இன்று காலை 9.40 முதல் எங்கள் செயலியிலும் இணையத்தளத்திலும் ஓர்டர் போட முடியவில்லை. பிழை எங்கள் பக்கத்தில்தான். உங்கள் ஃபோனிலோ இணைய இணைப்பிலோ கோளாறு இல்லை, செயலியை அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டாம். வெள்ளவத்தைக் கடை வழமைபோல் இரவு 9 மணி வரை திறந்திருக்கும்.

காலை 9.40க்கு முன் போட்ட ஓர்டர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பட்டியலை அச்செடுத்துவிட்டோம், சாமான்கள் கட்டப்படுகின்றன. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை வீடுகளுக்கு இன்று மாலைக்குள் வந்து சேரும். கொட்டாஞ்சேனைப் பக்கம் மட்டும் இரவு 8 மணி ஆகலாம்.

சிக்கல் 9.40க்கும் 10.25க்கும் இடைப்பட்ட நேரத்தில்தான். ஓர்டர்களைப் பதியும் தரவுத்தளம் 9.40க்கு நின்றுவிட்டது. ஆனால் காசு கட்டும் பக்கம் வங்கியினுடையது என்பதால் அது தொடர்ந்து வேலை செய்தது. 10.25க்கு நாங்களே எல்லாவற்றையும் நிறுத்தும்வரை, சிலருக்கு அட்டையில் காசு கழிந்திருக்கிறது, ஓர்டர் பதிவாகவில்லை. இது எத்தனை பேருக்கு நடந்தது என்று இன்னும் தெரியாது. வங்கியிடமிருந்து வந்த கொடுப்பனவுப் பட்டியலை எங்கள் பதிவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அதில் தொகை, நேரம், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் இருக்கும். நீங்கள் என்ன சாமான் கேட்டீர்கள் என்பது இருக்காது. ஆகவே வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். ஓர்டர் இல்லாமல் கழிந்த காசை முழுதாகத் திருப்பித் தருவோம். அது உங்கள் கணக்குக்கு எந்த நாளில் வந்து சேரும் என்பது உங்கள் வங்கியைப் பொறுத்தது, அதனால் இப்போது நாள் குறிக்கவில்லை.

அதே நேரத்தில் 'சாமான் வந்ததும் காசு' என்று ஓர்டர் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு கட்டியவர்களுக்காவது வங்கியில் ஒரு தடயம் இருக்கிறது. உங்கள் ஓர்டருக்கு எங்களிடம் எதுவுமே இல்லாமல் இருக்கலாம். உறுதிச் செய்தி வரவில்லையென்றால் ஓர்டர் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், காத்திருக்க வேண்டாம்.

தரவுத்தளம் ஏன் நின்றது என்பதும் தெரியாது. சேவர் இடம் தரும் நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எப்போது சரியாகும் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் ஊகித்துச் சொல்லப்போவதில்லை. செயலியில் 'சற்று நேரத்தில் மீண்டும் முயலவும்' என்று வருவது தானாக விழும் வாசகம், அதை நம்பி அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

உங்கள் விபரங்கள் பற்றி: அட்டை இலக்கத்தை நாங்கள் சேமிப்பதில்லை, அது எங்கள் தரவுத்தளத்தில் இல்லவே இல்லை. பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் இருக்கின்றன. வெளியாட்கள் உள்ளே நுழைந்ததற்கான அடையாளம் இதுவரை தென்படவில்லை, ஆனால் சோதனை முடியவில்லை. முடியும்வரை 'ஒன்றும் நடக்கவில்லை' என்று உறுதி தர மாட்டோம். நடந்திருந்தால் மறைக்காமல் அறிவிப்போம்.

இப்படியான நேரத்தில் 'காசைத் திருப்பித் தருகிறோம்' என்று ஏமாற்றுக்காரர்கள் அழைப்பதுண்டு. எங்கள் ஆட்கள் ஓடிபி கேட்க மாட்டார்கள், அட்டை இலக்கம் கேட்க மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பவும் மாட்டார்கள். யாராவது கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, எங்கள் பழைய பற்றுச்சீட்டின் அடியில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள்.

அந்த இலக்கத்தில் ஓர்டரும் எடுக்கிறோம். அழைப்புகள் குவிவதால் ஒரு வேண்டுகோள்: குழந்தைப் பால்மா தேவைப்படுபவர்களும், கடைக்கு வர முடியாத வயதானவர்களும் முதலில் எடுக்கட்டும். நாளை வெள்ளிக்கிழமை விரதத்துக்கு மரக்கறி, வாழையிலை வேண்டியவர்கள் முடிந்தால் நேரே கடைக்கு வாருங்கள், இரண்டும் போதியளவு இருக்கின்றன. காசு கழிந்தவர்கள் இன்றே அழைக்கத் தேவையில்லை. ஒப்பிட்டு முடிந்ததும் நாங்களே குறுஞ்செய்தி அனுப்புவோம். நாளை நண்பகலுக்குள் அது வராவிட்டால் அழையுங்கள். அதே சாமான்களுக்கு அட்டையில் இரண்டாம் முறை காசு கட்டிவிடாதீர்கள்.

அடுத்த அறிவித்தல் பிற்பகல் 4 மணிக்கு, இதே இடத்தில். புதிதாக ஒன்றும் தெரியவராவிட்டால் அதையும் அப்படியே எழுதுவோம்.

இடைஞ்சலுக்கு மன்னிக்கவும்.

முகாமையாளர்
வெள்ளவத்தை, கொழும்பு 06