கண்மாய் ஆய்வு: யாருக்கு எந்த வேலை

கார்த்திகா, ஜெனிபர், முருகேசன், சையது நால்வருக்கும்,

மார்ச் 3, திங்கட்கிழமை காலை அறிக்கையைத் துறையில் கொடுத்துவிட வேண்டும். நேற்று ஒவ்வொருவரும் தங்களுக்கு எப்போது ஓய்வு இருக்கிறது, எதைச் செய்ய வரும், எதற்குத் தயக்கம் என்று எழுதிக் கொடுத்தீர்கள். அவற்றை வைத்து வேலையைப் பிரித்திருக்கிறேன். நீளமாக இருந்தாலும் முழுவதும் படியுங்கள். ஏன் இப்படிப் பிரித்தேன் என்பது தெரியாவிட்டால், உங்கள் பங்கு சரியா தவறா என்று உங்களால் சொல்ல முடியாது.

சென்ற பருவத்தில் ஆளுக்கு ஐந்து பக்கம் என்று பிரித்தோம். பார்வைக்குச் சமமாகத்தான் இருந்தது. ஆனால் முன்னுரை எழுதியவருக்கு ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. வரைபடம் போட்ட கார்த்திகா மூன்று இரவுகள் விழித்தாள். இம்முறை பக்கத்தை எண்ணவில்லை, மணி நேரத்தை எண்ணியிருக்கிறேன். அதிலும் கடினமான வேலையின் ஒரு மணி நேரத்தைக் கூடுதல் மதிப்புடன்தான் கணக்கில் எடுத்தேன். கார்த்திகாவுக்கு மொத்தம் 14 மணி நேரமும் ஜெனிபருக்கு 27 மணி நேரமும் வந்திருப்பது அதனால்தான். ஜெனிபர் விடுதியில் இருப்பதால் போக்குவரத்தில் நேரம் போகாது, நூலகமும் பக்கத்திலேயே இருக்கிறது. கார்த்திகாவுக்கு வார நாட்களில் மாலை டியூஷன், சனி ஞாயிறில் குரூப் 4 பயிற்சி வகுப்பு. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தாலே பெரிது.

முதலில் கார்த்திகாவின் வேலை. நம் ஐவரில் QGIS வரைபட மென்பொருளில் தடுமாறாமல் வேலை செய்வது நீ மட்டும்தான். ஆகவே செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீர்ப்பரப்பைக் கணக்கிடுவது உன்னுடையது. 2017 ஜனவரியையும் 2022 ஜனவரியையும் ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, 2021-இல் கொட்டித் தீர்த்தது. ஒரே கண்மாய் வறட்சியிலும் வெள்ளத்திலும் எப்படி இருந்தது என்பது இந்த இரண்டு படங்களிலேயே தெரிந்துவிடும். நவம்பர், டிசம்பர் படங்களை எடுத்தால் மேகம் மறைக்கும், அதனால்தான் ஜனவரி. சென்டினல்-2 படங்களில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். நம் கண்மாய்க்கு அது போதும். நீருள்ள இடத்தைப் பிரித்துக் காட்டும் NDWI என்ற இந்த ஒரு சூத்திரத்தை மட்டும் எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வாய்மொழித் தேர்வில் யாரிடமும் கேட்கலாம்:

```
NDWI = (B3 - B8) / (B3 + B8)
```

B3 பச்சை அலைவரிசை, B8 அண்மை அகச்சிவப்பு. தண்ணீர் அகச்சிவப்பை உறிஞ்சிவிடுவதால் நீருள்ள இடத்தில் விடை பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேல் வரும். கார்த்திகா, பரப்பளவு எடுக்கும் முன் கோப்பு மதுரைக்குரிய UTM மண்டலமான EPSG:32644-இல் இருக்கிறதா என்று பார்த்துவிடு. மதுரை 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி இருப்பதால் அடுத்த மண்டலத்தைத் தேர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

வரைபட வேலை முழுவதையும் உன் தலையில் கட்டவில்லை. கரை, வரத்துக்கால், மடைக்கால்களின் மேல் கோடு இழுக்கும் வேலைக்குப் பொறுமை இருந்தால் போதும், மென்பொருள் அறிவு அதிகம் வேண்டாம். அந்த ஆறு மணி நேர வேலை ஜெனிபருக்கு. திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அரை மணி நேரம் நீ அவளுக்குக் காட்டிக் கொடுத்தால் போதும், பிறகு அவள் தானே செய்துவிடுவாள்.

ஜெனிபரின் முதன்மையான வேலை பின்னணிப் பகுதி. நம் கண்மாய்க்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதை அடியிலிருந்து எழுத வேண்டும்: 1895-இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர், 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை, பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய். கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம், மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்ற வேறுபாட்டை விட்டுவிடாதே. நம் கண்மாய் ஒருபோகப் பகுதியில் இருப்பதால், கால்வாயில் தண்ணீர் எப்போது திறக்கிறார்கள் என்பதுதான் அந்த ஊரின் ஆண்டையே தீர்மானிக்கிறது. பென்னிகுவிக்கைப் பற்றி இரண்டு வரி போதும். அவர் கதையை எல்லாக் குழுவும் எழுதும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் கதையை நாம்தான் எழுத முடியும்.

இனி நேர்காணல். இந்த ஆய்வில் மிகக் கடினமான பகுதி எது என்று கேட்டபோது நீங்கள் எல்லோரும் வரைபடம் என்றீர்கள். நான் அதை ஒப்பவில்லை. வரைபடத்தில் பிழை வந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரர் ஒருவர் வரப்பில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசும்போது தவறான கேள்வியைக் கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டால், அந்தப் பேச்சு திரும்பக் கிடைக்காது.

முருகேசா, இது உன் ஊர்க் கண்மாய். பெரியவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும், யாரிடம் முதலில் போக வேண்டும் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். முன்பு மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பகிர்ந்த நீர்பாய்ச்சி குடும்பத்தார் யாராவது ஊரில் இருந்தால், அவர்களிடம்தான் நம் முதல் நேர்காணல். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், யார் முறை முதலில், தண்ணீர் குறைந்த வருடத்தில் எப்படிப் பங்கிட்டார்கள் என்று நிதானமாகக் கேள். தட்டச்சு வராது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். அதைப் பற்றிக் கவலைப்படாதே. இந்தக் குழுவிலேயே விலை மதிப்பில்லாத திறமை உன்னிடம்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு அறுவடை 12-ஆம் தேதி முடியும் என்று சொன்னதால் அதுவரை உனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வியை நீ கேட்கக் கூடாது. உள்வாயில் ஆக்கிரமிப்பு இருக்கிறதா, யார் உழுகிறார்கள் என்ற கேள்வி. உன் பெரியப்பாவின் நிலம் கரையை ஒட்டியே இருக்கிறது என்று நீயே சொன்னாய். நீ கேட்டால் அவர்களும் சங்கடப்படுவார்கள், நீயும் நாளைக்கு அந்த ஊரில் தலை காட்ட வேண்டும். அதைச் சையது கேட்கட்டும். அதுவும் யார் என்று பெயர் கேட்காமல், 'முன்பு தண்ணீர் எதுவரை ஏறி நிற்கும், இப்போது எதுவரை நிற்கிறது' என்று கேட்டால் போதும். அறிக்கையில் யாருடைய பெயரும் வராது.

பெண்களிடம் நானும் ஜெனிபரும் பேசுகிறோம். நடவு, களை எடுப்பு, நூறு நாள் வேலையில் கண்மாய் தூர் வாரியது என்று மண்ணைக் கையால் தொட்டு வேலை செய்தவர்கள் அவர்கள்தான். ஆண்களை மட்டும் கேட்டு எழுதினால் பாதிக் கண்மாயைத்தான் எழுதியதாகும்.

களப்பணி நாள் பிப்ரவரி 15, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் நிற்கும் இடத்தில் சந்திப்போம். வெயில் ஏறும் முன் கரையில் நடந்து மடைகளையும் கலுங்கையும் பார்த்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் மூன்று மணி வரை யாரையும் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம், அறுவடைக் காலம். கார்த்திகா வர முடியாது, அது முன்பே தெரிந்ததுதான். அவள் தரும் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மடையின் இருப்பிடத்தையும் சையது பதிவு செய்வான்.

சையது, நீ மாலை ஐந்து மணிக்குக் கடைக்குப் போனால் ஒன்பது மணிக்குத்தான் வெளியே வருகிறாய். அதனால் உனக்குக் காலையில் செய்யக்கூடிய வேலைகள் மட்டும்: புகைப்படங்கள், மண் படிவின் குறுக்குவெட்டுப் படம், வரைபடத் தலைப்புகள், கடைசியில் வகுப்பில் காட்டும் படக்காட்சி. களப்பணி நாளன்று மட்டும் கடையில் விடுப்பு கேட்க வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால் புதன்கிழமைக்குள் சொல், மதியம் இரண்டு மணிக்கு உன்னை அனுப்பிவிடுகிறோம். ஆளில்லாத படமாகவே எடுக்காதே. மடைப் பலகையைத் தூக்கும் கை தெரியும்படி ஒரு படமாவது வேண்டும், அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு.

ஒலிப்பதிவை எழுத்தாக்குவதுதான் யாருக்கும் பிடிக்காத வேலை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கு மணி நேரம் ஆகும். நான்கு மணி நேரம் பதிவு வரும் என்று வைத்தால் பதினாறு மணி நேரம். ஒருவர் மேல் போட்டால் அவர் பாதியில் விட்டுவிடுவார். நான் எட்டு, முருகேசன் ஐந்து, ஜெனிபர் மூன்று. முருகேசன் தாளில் கையால் எழுதித் தரலாம், நான் தட்டச்சு செய்துகொள்கிறேன். ஊர்ப் பேச்சு எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது, திருத்தாதே. வேறு யாராவது எழுதினால் பாதிச் சொற்கள் மாறிப்போகும்.

என் பங்கு: எழுத்தாக்கத்தில் எட்டு மணி நேரம், களப்பணி, கடைசியாக எல்லாவற்றையும் ஒரே நடையில் கோத்து அறிக்கை ஆக்குவது. ஆக மொத்தம் 28 மணி நேரம். ஒருங்கிணைப்பது தனி வேலை என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை.

தேதிகள். பின்னணிப் பகுதி 14-ஆம் தேதி, களத்துக்குப் போகும் முன். நீர்ப்பரப்பு வரைபடங்கள் 21. முருகேசன் ஊரில் தனியாக எடுக்கும் மீதி நேர்காணல்கள் 20, எல்லா எழுத்தாக்கமும் 23. அறிக்கையின் முதல் வடிவம் 26-ஆம் தேதி இரவு உங்களுக்கு வரும். 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சையது தொழுகை முடிந்து வந்ததும், இரண்டரை மணிக்கு ஐவரும் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம்.

வாய்மொழித் தேர்வில் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள், யாரிடம் எதைக் கேட்பார்கள் என்று தெரியாது. ஆகவே ஒவ்வொருவரும் இன்னொருவர் பகுதியையும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். முருகேசன் கார்த்திகாவிடம் நீர்ப்பரப்புக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கார்த்திகா முருகேசனிடம் மடை முறையைக் கேட்கட்டும். சையது பின்னணியையும், ஜெனிபர் சையதின் குறுக்குவெட்டுப் படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எல்லாவற்றையும் படித்துத்தான் ஆக வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் அந்தப் பகுதியை எடுத்துச் செய்ய ஆள் இருக்கும்.

நடுவில் வேலை தேங்கினால் மறைக்காமல் சொல்லுங்கள். தேதிக்கு இரண்டு நாள் முன்பு சொன்னால் யாராவது தோள் கொடுக்க முடியும். அன்றைக்கு இரவு சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது, கோபம்தான் வரும்.

செலவு பஸ் கட்டணமும் அச்சும் மட்டும்தான். நான் போட்டு வைக்கிறேன், கடைசியில் ஐந்தாகப் பிரித்துக்கொள்வோம். முருகேசன் வீட்டில் மதியச் சாப்பாடு என்று அம்மா சொல்லியிருக்கிறார்களாம். அறுவடை முடிந்த அலுப்பில் இருப்பார்கள், ஆகவே நானும் ஜெனிபரும் முன்னதாகவே போய்ச் சமையலில் கூட இருப்போம்.

இந்தப் பங்கீட்டில் யாருக்காவது பாரம் அதிகம் என்றோ, இது எனக்கு வராது என்றோ தோன்றினால் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் சொல்லுங்கள். மாற்றுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. திங்கள் காலையிலிருந்து இதன்படிதான் வேலை நடக்கும்.

செல்வி
பிப்ரவரி 6, வியாழன்