சாட்சியச் சட்டம்: வல்லுநர் கருத்தும் மின்னணுப் பதிவுச் சான்றிதழும் – சூழல் வினாக்கள், விடைக் குறிப்புகளுடன்

கீழே உள்ள நிகழ்வு ஐந்து வினாக்களுக்கும் பொதுவானது. அதில் வரும் ஆட்கள் கற்பனை. தீர்ப்புகளும் பிரிவுகளும் உண்மை. வேறாகச் சொல்லப்படாத இடங்களில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 (இனி, அதினியம்) பொருந்தும் எனக் கொள்க.

பொது நிகழ்வு

ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்தும் சென்னியப்பனின் கிடங்குப் பூட்டு 2024 நவம்பர் 11 இரவு உடைக்கப்பட்டு, 42 மூட்டை விரலி மஞ்சள் களவு போனது. கிடங்கில் நான்கு கேமராக்கள் இருந்தன. அவற்றின் காட்சிகள் அலுவலக அறையிலிருந்த டி.வி.ஆர். பெட்டியில் பதிவாகி, 15 நாள் கழிந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். நவம்பர் 14 அன்று, கேமரா பொருத்திய கடையின் பணியாளர் 23 நிமிடக் காட்சியை ஒரு பென் டிரைவில் இறக்கித் தந்தார். காவல் ஆய்வாளர் அந்தப் பென் டிரைவை மகஜர் எழுதிக் கைப்பற்றினார், டி.வி.ஆர். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டார். மாத இறுதிக்குள் களவு நடந்த இரவின் பதிவு பெட்டியிலிருந்து அழிந்துபோனது. அந்தக் கிடங்கில் முன்பு சுமை தூக்கிய மாரிமுத்து மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அவர் வீட்டில், ‘விரலி 42’ என்ற தலைப்பில் எடைக் கணக்கு எழுதிய சீட்டு ஒன்றும் கைப்பற்றப்பட்டது.

வினா 1

பென் டிரைவோடு தாக்கலான சான்றிதழில் பகுதி ஏ-யில் சென்னியப்பன் கையெழுத்திட்டிருக்கிறார். பகுதி பி வெறுமையாக உள்ளது. முதல் சாட்சியாகக் கூண்டேறிய அவர் மூலம் பென் டிரைவைச் சான்றாவணமாகக் குறியிட அரசுத் தரப்பு கோருகிறது. எதிர்தரப்பு உடனே ஆட்சேபிக்கிறது. நீதிமன்றம் எடுக்க வேண்டிய சரியான முடிவு எது?

(அ) கேமராவுக்குப் பொறுப்பானவரே கையெழுத்திட்டிருப்பதால் குறியிடலாம்.
(ஆ) அவர் கூண்டிலேயே நிற்பதால், அவருடைய வாய்மொழிச் சாட்சியம் பகுதி பி-யின் குறையை நிரப்பிவிடும்.
(இ) இப்போதைய நிலையில் ஏற்க இயலாது. ஆயினும் எதிரியின் நியாயமான விசாரணை உரிமை கெடாத வகையில், விசாரணை முடிவதற்குள் முழுச் சான்றிதழைத் தாக்கல் செய்ய அனுமதிக்கலாம்.
(ஈ) குற்றப்பத்திரிகையோடு முழுச் சான்றிதழ் வராததால் இனி எக்காலத்தும் ஏற்க இயலாது.

விடை: (இ)

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி(4) பிரிவு கேட்டது ஒரு கையெழுத்து. அதினியத்தின் 63(4) பிரிவு இரண்டு கேட்கிறது: கணினி அல்லது தொடர்புக் கருவிக்கோ, உரிய நடவடிக்கைகளின் நிர்வாகத்துக்கோ பொறுப்பானவர் ஒருவர், வல்லுநர் ஒருவர். அட்டவணையில் உள்ள படிவத்தில் பகுதி ஏ முதலாமவருக்கும் பகுதி பி இரண்டாமவருக்கும் உரியவை. எனவே (அ)-வைத் தெரிவு செய்பவர் பழைய சட்டத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு புதிய வினாவுக்கு விடை எழுதுகிறார்.

(ஆ) ஒரு காலத்தில் சரியான விடையாக இருந்தது. நவ்ஜோத் சந்து வழக்கில் (2005) சான்றிதழ் இல்லாவிட்டாலும் பிற வழிகளில் மெய்ப்பிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அன்வர் எதிர் பஷீர் வழக்கு (2014) அந்த வழியை அடைத்தது. ஷாஃபி முகமது வழக்கு (2018) மீண்டும் சற்றுத் திறந்தது. மூன்று நீதிபதிகள் அமர்ந்த அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கு (2020) அன்வரை உறுதிசெய்து, ஷாஃபி முகமதுவை நிராகரித்தது. இவை நான்கும் 65பி பற்றியவை என்றாலும், நகலுக்குச் சான்றிதழ் முன்நிபந்தனை என்ற அமைப்பை 63ஆம் பிரிவு அப்படியே எடுத்துக்கொண்டிருப்பதால், அர்ஜுன் பண்டித்ராவின் தர்க்கம் இங்கும் செல்லும்.

(ஈ)-க்கு இழுபடும் மாணவர் அர்ஜுன் பண்டித்ராவின் முதல் பாதியை மட்டும் படித்தவர். சான்றிதழ் கட்டாயம் என்ற அதே தீர்ப்பு, விசாரணை முடியாத வரை அதைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. பொறுப்பானவர் தர மறுத்தால், தரும்படி ஆணையிடக் கோரி நீதிமன்றத்தை நாடலாம் என்றும் சொன்னது. ஜால்னா தேர்தல் தொடர்பான அந்த வழக்கில், தன்னால் இயன்ற எல்லாம் செய்தும் அதிகாரிகளிடமிருந்து சான்றிதழ் பெற முடியாத தரப்புக்கு விலக்கும் கிடைத்தது.

அந்த விலக்கை இந்த வழக்கில் அரசுத் தரப்பு கேட்க முடியுமா என்பது கூடுதல் மதிப்பெண்ணுக்குரிய பகுதி. முடியாது என்பதே என் கருத்து. ஜால்னாவில் கட்சிக்காரர் கதவு கதவாகத் தட்டினார். இங்கே பெட்டி ஆய்வாளரின் கைக்கு எட்டும் தூரத்தில், பதிவு அழிவதற்குப் பல நாள் முன்பே, மேசைமேல் இருந்தது. தன் கவனக்குறைவால் வந்த இயலாமையை இயலாமை என்று வாதிட முடியாது. மூலப் பதிவு அழிந்த பிறகு பகுதி பி-யில் கையெழுத்திட வரும் வல்லுநர், மூலப் பெட்டியில் என்ன இருந்தது என்று தம் அறிவிலிருந்து எதைச் சொல்வார் என்ற குறுக்கு விசாரணையையும் அரசுத் தரப்பு எதிர்கொண்டாக வேண்டும்.

வினா 2

பின்னர் முழுச் சான்றிதழ் தாக்கலாகிறது. அதில் காணொளிக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட SHA256 ஹாஷ் மதிப்பு குறிக்கப்பட்டிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவின்கீழ் மின்னணுச் சாட்சிய ஆய்வாளராக அறிவிக்கை செய்யப்பட்ட ஓர் ஆய்வகம், முழுப் பென் டிரைவுக்கும் கணக்கிட்ட மதிப்பு அதிலிருந்து வேறுபடுகிறது. சான்றிதழுக்குப் பிறகு யாரோ ஒரு காணொளி இயக்கிச் செயலியை அதே பென் டிரைவில் ஏற்றியிருப்பதும் தெரியவருகிறது. ‘மதிப்பு மாறியதால் காட்சி திருத்தப்பட்டது’ என்ற எதிர்தரப்பு வாதத்தை ஆராய்க. சான்றிதழில் கையெழுத்திட்ட வல்லுநரும் 39(2) பிரிவில் சொல்லப்படும் ஆய்வாளரும் ஒருவரேயா என்பதையும் கூறுக.

விடைக் குறிப்பு

ஒப்பிட வேண்டியது கோப்பை கோப்போடு. முழுப் பென் டிரைவின் மதிப்பு, அதில் ஒரு சிறு கோப்பு கூடினாலும் மாறிவிடும். காணொளியின் ஒரு நொடியையும் யாரும் தொடாமலேயே அது நிகழும். ஆகவே ஆய்வகம் காணொளிக் கோப்புக்குத் தனியே மதிப்பு கணக்கிட வேண்டும் என்று கோருவதே முதல் பதில். அது சான்றிதழில் உள்ளதோடு ஒத்துப்போனால், சான்றிதழ் எழுதிய நாளிலிருந்து அந்தக் கோப்பு மாறவில்லை என்பது நிலைபெறும்.

பெரும்பாலானோர் விடைத்தாளை இந்த இடத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒத்துப்போன மதிப்பு, சான்றிதழுக்கு முந்தைய காலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஓர் இரவின் பதிவிலிருந்து 23 நிமிடத்தை வெட்டி எடுத்தது கடைப் பணியாளர். எந்த 23 நிமிடம், ஏன் அது மட்டும், பெட்டியின் கடிகாரம் சரியான நேரம் காட்டியதா என்பவற்றுக்கு அவர்தான் சாட்சி சொல்ல வேண்டும். அவரைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்காதது அரசுத் தரப்பின் பெரிய ஓட்டை. காட்சி ஏற்கப்பட்ட பிறகும் அதன் நிரூபண மதிப்பை அது குறைக்கும். சான்றிதழால் தீர்வது ஏற்புடைமை மட்டுமே.

இரண்டாம் பகுதிக்கு: 39(2) பிரிவு, மின்னணு வடிவில் உள்ள தகவல் குறித்து நீதிமன்றம் கருத்து உருவாக்க வேண்டியிருக்கும்போது, 79ஏ-யின்கீழ் அறிவிக்கை பெற்ற ஆய்வாளரின் கருத்தைத் தொடர்புடைய பொருண்மையாக்குகிறது. 63(4) பிரிவு ‘வல்லுநர்’ என்று மட்டும் சொல்கிறது. அவர் 79ஏ அறிவிக்கை பெற்றவராக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஒருவரே இரு வேலையும் செய்யலாம். ஆனால் முதலாமவர் நீதிமன்றத்துக்குக் கருத்து வழங்குகிறார். இரண்டாமவர் ஒரு பதிவு எப்படிக் கிடைத்தது, அதன் ஹாஷ் மதிப்பு என்ன என்று படிவத்தில் சான்றளிக்கிறார். பகுதி பி-யில் கையெழுத்து இருப்பதாலேயே அவர் காட்சியில் இருப்பது மாரிமுத்துவின் முகம் என்று கருத்துச் சொல்லத் தகுதி பெற்றுவிடமாட்டார்.

வினா 3

2024 நவம்பர் 20 அன்று மாரிமுத்துவோடு நடந்த தொலைபேசிப் பேச்சைச் சென்னியப்பன் தம் கைபேசியிலேயே பதிவு செய்தார். அந்தக் கைபேசியையே கூண்டுக்குக் கொண்டுவந்து, அது தமக்குரியது, தாமே பயன்படுத்துவது, பதிவு அதிலேயே முதலில் சேமிக்கப்பட்டது என்று சாட்சியளிக்கிறார். குரல் தன்னுடையதல்ல என்கிறார் மாரிமுத்து. சான்றிதழ் தேவையா? குரலை எவ்வாறு மெய்ப்பிப்பது?

விடைக் குறிப்பு

மூலக் கருவியின் உரிமையாளரே அதைக் கொண்டுவந்து மெய்ப்பித்தால் சான்றிதழ் தேவையில்லை என்பதை அர்ஜுன் பண்டித்ராவ் தெளிவுபடுத்துகிறது. இதே பேச்சு ஒரு குறுந்தகட்டில் வந்திருந்தால் வினா 1-க்கே திரும்பிவிடுவோம்.

குரல் யாருடையது என்பது வேறு கேள்வி. மாதிரிக் குரல் தரும்படி நடுவர் ஆணையிடலாம் என்று ரிதேஷ் சின்ஹா வழக்கு (2019) ஏற்றது. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 349ஆம் பிரிவே குரல் மாதிரியைச் சேர்த்துச் சொல்கிறது. ஒப்பீட்டு அறிக்கை 39ஆம் பிரிவின்கீழ்த் தொடர்புடையதாகும். அது கருத்து மட்டுமே, நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பல ஆண்டு அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய மண்டி எழுத்தரின் சாட்சியத்தையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

வினா 4

‘விரலி 42’ சீட்டை ஆராய்ந்த கையெழுத்து வல்லுநரின் அறிக்கை ஒரே வரியில் முடிகிறது: ‘ஐயத்துக்குரிய எழுத்தும் மாதிரி எழுத்தும் ஒருவரால் எழுதப்பட்டவை.’ ஒப்பீட்டுப் படங்களோ காரணங்களோ இணைக்கப்படவில்லை. முதல் விசாரணையில் அவர் அறிக்கையை உறுதிசெய்கிறார். இதன் மதிப்பு என்ன?

விடைக் குறிப்பு

கையெழுத்து வல்லுநரின் கருத்துக்கு வலுவூட்டும் சாட்சியம் இருந்தே தீர வேண்டும் என்ற சட்ட விதி ஏதும் இல்லை. எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்பதே முராரி லால் வழக்கு (1980) சொன்னது. எனினும் அந்த எச்சரிக்கையைச் செலுத்த நீதிமன்றத்துக்குக் காரணங்கள் கண்முன் இருக்க வேண்டும். கருத்தின் அடிப்படைகள் தொடர்புடையவை என்கிறது 45ஆம் பிரிவு. காரணம் சொல்லாத வல்லுநர் கருத்தை அப்படியே ஏற்கலாகாது என்கிறது ரமேஷ் சந்திர அகர்வால் வழக்கு (2009). ‘வி’ எழுத்தின் மேற்சுழி, எண் 4-இன் முனை, எழுதுகோல் அழுத்தம் என ஏதேனும் ஒன்றைக் கூட அறிக்கை எடுத்துக்காட்டவில்லை. 72ஆம் பிரிவின்கீழ் நீதிபதியே ஒப்பிடலாம். வல்லுநர் விளக்காத ஒன்றை வெறுங்கண்ணால் பார்த்து அதன்மேல் தண்டனையை நிறுத்துவது பாதுகாப்பானதல்ல.

வினா 5

இதே கிடங்கில் 2022இல் நடந்த வேறொரு களவு வழக்கின் விசாரணை 2024 ஜூன் மாதமே தொடங்கி இன்னும் நடக்கிறது. அதில் கேமரா காட்சி 2025இல்தான் குறியிடப்படுகிறது. பகுதி பி தேவையா?

விடைக் குறிப்பு

தேவையில்லை. அதினியம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணையை 170ஆம் பிரிவு பழைய சட்டத்திடமே விட்டுவைக்கிறது. ஆகவே 65பி(4) கேட்கும் ஒற்றைச் சான்றிதழ் போதும். காட்சி குறியிடப்படும் நாள் இங்கே கணக்கில் வராது.